கூட்டு வணிகப் பத்திரத்தில் உள்ள நடுவர் பிரிவு: பங்குதாரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் என்ற தனிநபரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று தரப்பினர் எழுதிக்கொள்ளும் நடுவர் ஒப்பந்தம் பலவகை ஆவணங்களில் இடம்பெறுகிறது. ஆனால் குடும்பத்தாரும் நண்பர்களும் சேர்ந்து நடத்தும் கூட்டு வணிகத்தில்தான் அது எதிர்பாராத நேரத்தில் முன்னால் வந்து நிற்கிறது. இங்குள்ள பதில்கள் இந்தியாவின் 1996ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தையும், அதில் 2015 முதல் செய்யப்பட்ட திருத்தங்களையும் அடிப்படையாகக் கொண்டவை.

“தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டும்” என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை விட்டுவிட்டு நேராகக் கோர்ட்டில் வழக்குப் போட முடியாதா?

போடலாம். அந்த வரி இருக்கிறது என்பதற்காக நீதிமன்றம் தானாகவே வழக்கைத் திருப்பி அனுப்பாது. எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டினால்தான் நிலைமை மாறும். சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் அவர் ஒரு மனுச் செய்து, நடுவர் ஒப்பந்தத்தின் அசலையோ சான்றளிக்கப்பட்ட நகலையோ உடன் வைத்தால், செல்லத்தக்க ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று முதல் பார்வையிலேயே தெரிந்தாலொழிய, நீதிமன்றம் இருதரப்பையும் நடுவரிடம் அனுப்பியே ஆக வேண்டும். “அனுப்பலாம்” என்ற விருப்புரிமை அந்தப் பிரிவில் இல்லை.

ஆனால் இதற்கு ஒரு காலவரம்பு உண்டு. தகராறின் சாராம்சத்தைப் பற்றிய தமது முதல் வாதவுரையைத் தாக்கல் செய்யும் நாளுக்குள் எதிர்த்தரப்பு அந்த மனுவைப் போட வேண்டும். எதிர்வாதவுரை தாக்கல் செய்து, நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய வழக்கெழு வினாக்கள் வனையப்பட்டு, சாட்சி விசாரணையும் தொடங்கிய பிறகு “எங்களுக்குள் நடுவர் ஒப்பந்தம் இருக்கிறது” என்று சொன்னால் அது எடுபடாது. நீதிமன்ற விசாரணைக்கு அவர் இணங்கிவிட்டதாகவே கொள்ளப்படும். வாய்தா கேட்டதும், இடைக்காலத் தடை மனுவுக்கு மட்டும் பதிலுரை போட்டதும் அப்படி இணங்கியதாகாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. எனவே சம்மன் வந்தவுடன் வழக்கறிஞரிடம் பிராதின் நகலோடு பங்குதாரர் பத்திரத்தையும் கொடுத்துவிட வேண்டும். பத்திரம் பீரோவில் கிடக்க, எதிர்வாதவுரை தாக்கலாகிவிட்ட வழக்குகள் ஏராளம்.

ஒரு கையெழுத்துப் போட்டதற்காக நீதிமன்றக் கதவையே அடைத்துவிடுவது நியாயமா?

இந்தச் சங்கடம் சட்டத்துக்கும் தெரிந்ததே. சட்டப்பூர்வ உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவதை முற்றாகத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பதுதான் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வகுக்கும் பொதுவிதி. எதிர்காலத்தில் எழும் தகராறை நடுவர் தீர்ப்புக்கு விடுவதாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு அதே பிரிவு விதிவிலக்கும் தருகிறது. காரணம் எளிமையானது. நடுவரிடம் போக ஒப்புக்கொண்டவர் தமது உரிமையைக் கைவிடவில்லை. அந்த உரிமையைத் தீர்மானிக்கும் ஆளை மட்டுமே மாற்றிக்கொள்கிறார். லாபத்தில் கால் பங்கு உங்களுக்குரியது என்றால், நடுவர் முன்பும் அது கால் பங்குதான்.

இரண்டாவது காரணம் ஒப்பந்தத்தின் இயல்பில் இருக்கிறது. பத்திரத்தில் லாபப் பங்கீடு, முதலீடு, நிர்வாகப் பொறுப்பு ஆகியவற்றை எழுதிய அதே பேனாதான் நடுவர் பிரிவையும் எழுதியது. லாபப் பங்கீட்டை அமல்படுத்து என்று கேட்கும் பங்குதாரர், அடுத்த பத்தியை மட்டும் மறந்துவிடு என்று நீதிமன்றத்திடம் சொல்ல முடியாது. நட்பு நிலவிய நாளில் எல்லோருக்கும் பொதுவாகச் செய்த ஏற்பாட்டை, சண்டை மூண்ட பிறகு ஒருவர் மட்டும் தமக்கு வசதியில்லை என்று உதற அனுமதித்தால், அப்படி எழுதி வைப்பதில் பொருளே இல்லை.

இங்கே ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். 8ஆம் பிரிவின்கீழ் வழக்கை அனுப்பும்போது, நடுவர் முன் சென்று வாதாடுமாறு நீதிமன்றம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. “இந்தத் தகராறை நான் விசாரிக்க மாட்டேன்” என்று மட்டுமே அது சொல்கிறது. வழக்குப் போட்டவருக்குத் தம் கோரிக்கை வேண்டுமானால் நடுவரிடம் செல்லலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

முந்தைய 1940ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்கை நிறுத்தி வைப்பது நீதிமன்றத்தின் விருப்புரிமையாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் தலையிடவும் இடமிருந்தது. விளைவாக, நடுவர் விசாரணைக்காக ஒரு காலம், அதன் மீதான வழக்குகளுக்காக அதைவிட நீண்ட காலம் என்று இரட்டைச் செலவானது. அதை மாற்றுவதற்காகவே ஐ.நா.வின் 1985ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றி 1996ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் சொல்லும் இடங்களில் தவிர நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று அதன் 5ஆம் பிரிவு கூறுகிறது.

என் அண்ணன் கணக்கில் மோசடி செய்திருக்கிறார். மோசடியை விசாரிக்க வேண்டியது நீதிமன்றம்தானே, நடுவர் எப்படி விசாரிக்க முடியும்?

இதே கேள்வி திருநெல்வேலியில் எழுந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2016 அக்டோபர் 4 அன்று அதற்கு விடை கிடைத்தது. சகோதரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு ஹோட்டல். 1994ஆம் ஆண்டுப் பங்குதாரர் பத்திரம். அதில் ஒரு நடுவர் பிரிவு. தந்தைக்குப் பின் நிர்வாகத்தை ஏற்ற மூத்தவர் அன்றாட வசூலைப் பொதுக் கணக்கில் செலுத்தவில்லை என்றும், மற்றவர்களின் சம்மதமின்றி ஹோட்டல் கணக்கிலிருந்து தம் மகனுக்கு 10 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட காசோலையைக் கொடுத்தார் என்றும் மற்ற தரப்பு குற்றம் சாட்டியது. நிர்வாகத்தில் பங்கேற்கத் தங்களுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் அறிவிக்கக் கோரி அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். மூத்தவர் தரப்பு 8ஆம் பிரிவைக் காட்டியது. மோசடிக் குற்றச்சாட்டு இருப்பதால் நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்று கூறி விசாரணை நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2009இல் உச்ச நீதிமன்றமே வழங்கியிருந்த ஒரு தீர்ப்பை அவை பின்பற்றின.

உச்ச நீதிமன்றம் இரண்டு உத்தரவுகளையும் ரத்து செய்தது. மோசடி என்ற சொல் பிராதில் இருப்பது மட்டும் போதாது, அது எத்தகைய மோசடி என்று பார்க்க வேண்டும் என்றது. பங்குதாரர்களுக்கிடையே, அவர்களது உள்விவகாரம் பற்றி, கணக்குப் புத்தகங்களையும் வங்கிப் பதிவுகளையும் வைத்துத் தீர்மானிக்கக்கூடிய குற்றச்சாட்டு என்றால் அதை நடுவரே ஆராயலாம். நடுவர் ஒப்பந்தமே மோசடியாகப் பெறப்பட்டது என்றாலோ, ஆவணங்கள் போலியாகப் புனையப்பட்டு அதன் தாக்கம் ஒப்பந்தம் முழுவதிலும் பரவியிருக்கிறது என்றாலோதான் அது நீதிமன்றத்துக்குரிய விஷயமாகும். அந்தச் சகோதரர்களின் வழக்கு முதல் வகையைச் சேர்ந்தது என்று முடிவு செய்து, தகராறை நடுவரிடம் அனுப்பியது. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதனால் கிடைக்கும் நடைமுறைப் பாடம் என்னவென்றால், நடுவர் பிரிவைத் தாண்டுவதற்காகப் பிராதில் ‘மோசடி’, ‘சதி’ போன்ற சொற்களை அள்ளித் தெளிப்பது இப்போது பயன் தருவதில்லை. 2020இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பும் இந்தப் போக்கையே உறுதிப்படுத்தியது. உலகம் முழுவதற்கும் எதிராகச் செல்லும் உரிமைகள், அதாவது திவால், உயில் மெய்ப்பிப்பு, மணமுறிவு, குழந்தையின் காப்பாளர் நியமனம் போன்றவை நடுவரிடம் போக முடியாதவை. குற்ற வழக்கும் அப்படியே: நம்பிக்கை மோசடி என்று காவல் நிலையத்தில் கொடுக்கும் புகார் தனியாக நடக்கும். அதை நடுவர் விசாரிக்க முடியாது. அதைக் காட்டி நடுவர் விசாரணையை நிறுத்தவும் முடியாது.

எங்கள் பத்திரத்தில் “பங்குதாரர்கள் தீர்மானித்தால் நடுவருக்கு விடப்படும்” என்று இருக்கிறது. அது போதுமா?

போதாது. கிட்டத்தட்ட இதே சொற்களைக் கொண்ட ஒரு கூட்டு வணிகப் பத்திரத்தை 2007இல் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. தகராறு வந்த பின் தரப்பினர் மறுபடியும் கூடி ஒப்புக்கொண்டால்தான் நடுவரிடம் போக முடியும் என்றால், அது நடுவர் ஒப்பந்தம் ஆகாது. பின்னாளில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்ற வெறும் எண்ணமே ஆகும் என்று தீர்ப்பானது. பத்தியின் தலைப்பில் ‘நடுவர் தீர்ப்பு’ என்று எழுதியிருப்பதும் காப்பாற்றாது. தகராறு நடுவரிடம் விடப்பட வேண்டும், அவர் முடிவு இருதரப்பையும் கட்டுப்படுத்தும் என்ற கடமை, எழுத்தில், ஐயமின்றித் தெரிய வேண்டும்.

பத்திரம் போதிய முத்திரைத் தீர்வை இல்லாமல் எழுதப்பட்டது. நிறுவனத்தையும் பதிவு செய்யவில்லை. நடுவர் பிரிவு செல்லுமா?

முத்திரைத் தீர்வைக் குறைவு சரிசெய்யக்கூடிய குறைபாடுதான், அதனால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று 2023 டிசம்பரில் ஏழு நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகக் கூறியது. குறைவையும் அபராதத்தையும் செலுத்த வேண்டிய விஷயத்தை நடுவர் முன்பே எழுப்பிக்கொள்ளலாம். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் வழக்குத் தொடர முடியாது என்ற 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவுத் தடை நடுவர் விசாரணைக்குப் பொருந்தாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நடுவர் பிரிவு பதிவற்ற நிறுவனத்துக்கு நீதிமன்றத்தில் இல்லாத ஒரு வழியைத் திறந்துவிடுவது சற்று விசித்திரமே.

எங்கள் குடும்ப ஆடிட்டரே நடுவர் என்று பத்திரத்தில் பெயரோடு எழுதிவிட்டோம். தவறா?

நம்பிக்கையோடு எழுதுவது இது. பின்னால் சிக்கலாவதும் இதுதான். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, யார் யார் நடுவராக இருக்கவே கூடாது என்று வரையறுக்கிறது. ஒரு தரப்பின் ஊழியர், ஆலோசகர், அவரோடு முன்போ இப்போதோ தொழில் உறவு உள்ளவர் ஆகியோர் அதில் முதலிடத்தில் வருகிறார்கள். நெருங்கிய குடும்ப உறவினரும் அதில் அடங்குவர். ஆக, இருபது ஆண்டுகளாக நிறுவனத்தின் கணக்கைப் பார்த்த ஆடிட்டரும், ஊரில் எல்லோரும் மதிக்கும், பங்குதாரர் ஒருவரின் தந்தையும் தகுதியிழக்கிறார்கள். தகராறு எழுந்த பின் எல்லாத் தரப்பினரும் எழுத்து மூலம் அந்த ஆட்சேபத்தைக் கைவிட்டால் மட்டுமே அவர்கள் நடுவராக அமரலாம். தகராறுக்கு முன் பத்திரத்திலேயே “எங்களுக்கு ஆட்சேபம் இல்லை” என்று எழுதி வைப்பது பயன்படாது.

“நிர்வாகப் பங்குதாரர் நியமிக்கும் நபரே நடுவர்” என்று எழுதியிருந்தால் நிலைமை இன்னும் தெளிவு. தகராறின் முடிவில் அக்கறையுள்ளவர் தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று 2019ஆம் ஆண்டு பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் ஒரு தரப்பு மட்டும் செய்யும் தனிநடுவர் நியமனத்தை ஏற்க மறுத்தது. இதனால் நடுவர் ஒப்பந்தமே அழிந்துவிடுவதில்லை. நியமன முறை மட்டுமே விழுகிறது. தகராறு இன்னது, நடுவரை நியமிப்போம் என்று எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பி 30 நாளுக்குள் உடன்பாடு ஏற்படாவிட்டால், 11ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். தென்மாவட்டத்தவர் மதுரைக் கிளையில் மனுச் செய்வார்கள். ஓய்வுபெற்ற நீதிபதியோ மூத்த வழக்கறிஞரோ நியமிக்கப்படுவது வழக்கம். நடுவர் விசாரணை தொடங்கியதாகச் சட்டம் கணக்கிடுவது அந்த நோட்டீஸ் எதிர்த்தரப்பின் கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான். காலவரையறைச் சட்டம் நடுவர் விசாரணைக்கும் பொருந்துவதால், ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.

நடைமுறையில் நீதிமன்ற வழக்கிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? செலவு குறையுமா?

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஒரு பங்குதாரர் தமக்கு 60 லட்சம் ரூபாய் வர வேண்டும் என்று கோருகிறார் என்று கொள்வோம். தமிழ்நாட்டில் பணம் கேட்டுப் போடும் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 2017 முதல் 3 சதவீதம். ஆக 1,80,000 ரூபாய். நீதிபதிக்குச் சம்பளம் அரசு தருகிறது. நடுவருக்கோ தரப்பினரே தர வேண்டும். சட்டத்தின் நான்காம் அட்டவணை காட்டும் அளவுப்படி, 20 லட்சத்துக்கு மேல் ஒரு கோடி வரையிலான கோரிக்கைக்கு 97,500 ரூபாயும், 20 லட்சத்தைத் தாண்டிய தொகையில் 3 சதவீதமும் கட்டணம். நமது உதாரணத்தில் 97,500 உடன் 1,20,000 சேர்ந்து 2,17,500 ரூபாய். நடுவர் ஒருவரே என்றால் அதற்கு மேல் 25 சதவீதம் கூடி 2,71,875 ரூபாயாகும். மூன்று நடுவர்கள் என்றால் ஒவ்வொருவருக்கும் 2,17,500. மொத்தம் 6,52,500 ரூபாய். இதைப் பொதுவாக இருதரப்பும் சமமாகப் பகிர்வார்கள். வாடகை அரங்கு, சுருக்கெழுத்தர் செலவு தனி. எனவே தொகை குறைந்த தகராறில் நடுவர் முறை மலிவு என்று சொல்ல முடியாது. மூன்று நடுவர்கள் என்று எழுதுவது சிறு நிறுவனத்துக்கு வீண் சுமை என்பது என் கருத்து.

லாபம் காலத்தில் இருக்கிறது. நடுவருக்கு நியமனத் தகவல் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கோரிக்கையுரையும் எதிருரையும் முடிய வேண்டும். அதிலிருந்து 12 மாதத்துக்குள் தீர்ப்பு வர வேண்டும். இருதரப்பும் ஒப்பினால் இன்னும் ஆறு மாதம் நீட்டலாம். அதற்கு மேல் வேண்டுமானால் நீதிமன்றத்தின் அனுமதி தேவை. உரிமையியல் நீதிமன்றத்தில் இப்படி முடிவுத் தேதியை யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

விசாரணை முறையும் வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டமோ சாட்சியச் சட்டமோ நடுவரைக் கட்டுப்படுத்தாது. சாட்சிகள் பெரும்பாலும் பிரமாண வாக்குமூலமாகவே தருவார்கள். நேரே கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக் குறுக்கு விசாரணை நடக்கும். விசாரணை மூடிய அறையில் நடக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ரகசியம் காக்கும் கடமையையும் விதித்தது. குடும்பச் சண்டை ஊரறிய நடக்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இதுவே பெரிய காரணம். மறுபுறம், வர மறுக்கும் சாட்சிக்கு நடுவர் தாமாகப் பிடியாணை போட முடியாது. 27ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தின் உதவியை நாட வேண்டும். பத்திரத்தில் கையெழுத்திடாத வங்கியையோ கட்டட உரிமையாளரையோ கட்டுப்படுத்தும் உத்தரவையும் பொதுவாக அவர் போட முடியாது. தகராறின் மையமே அத்தகைய மூன்றாம் நபரிடம் இருந்தால், நடுவர் தீர்ப்பு பாதி வேலையைத்தான் செய்யும்.

நடுவர் வருவதற்குள் நிர்வாகப் பங்குதாரர் கணக்கைக் காலி செய்துவிட்டால்?

9ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. நடுவர் விசாரணை தொடங்கும் முன்பே நீதிமன்றத்தை அணுகி, வங்கிக் கணக்கை முடக்கவோ, சொத்தை விற்காமல் தடுக்கவோ, பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கவோ கேட்கலாம். உத்தரவு கிடைத்ததோடு நின்றுவிடக் கூடாது. அந்நாளிலிருந்து 90 நாளுக்குள் நடுவர் விசாரணையைத் தொடங்கியாக வேண்டும். இடைக்காலத் தடையை வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்த பழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவர 2015இல் சேர்த்த விதி இது. நடுவர் அமர்ந்த பின் அத்தகைய உத்தரவுகளை 17ஆம் பிரிவின்கீழ் அவரே பிறப்பிக்கலாம். அவை நீதிமன்ற உத்தரவுபோலவே செயல்படுத்தப்படும்.

நடுவர் தப்பாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டால் அப்பீல் போகலாமா?

வழக்கமான பொருளில் மேல்முறையீடு இல்லை. நடுவர் முறையில் நுழையும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுவே. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின் மேல் உயர் நீதிமன்றம் சாட்சியத்தை முதலிலிருந்து மறுபடி எடைபோடலாம். நடுவர் தீர்ப்பின் மேல் 34ஆம் பிரிவில் மனுச் செய்தால் அது நடக்காது. உரிய நோட்டீஸ் தரவில்லை, தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்கவில்லை, ஒப்பந்தத்துக்கு அப்பாற்பட்ட விஷயத்தைத் தீர்மானித்தார், நடுவர் நியமனமே ஒப்பந்தப்படி இல்லை, தீர்ப்பு பொதுக் கொள்கைக்கு முரணானது, அல்லது தீர்ப்பின் முகப்பிலேயே சட்டவிரோதம் தெரிகிறது என்பன போன்ற காரணங்கள் மட்டுமே எடுபடும். சட்டத்தைத் தவறாகப் பொருத்தினார், சாட்சியை நான் வேறுவிதமாக எடைபோட்டிருப்பேன் என்பவை போதாது என்று சட்டமே சொல்கிறது.

தீர்ப்பு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இந்த மனுவைப் போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. எழுத்துப் பிழையையோ கூட்டல் பிழையையோ நடுவரே திருத்த 33ஆம் பிரிவு வழி செய்கிறது. அதற்கு 30 நாள் அவகாசம். தீர்ப்பின் ஒரு பகுதி மட்டும் குறைபாடுடையது என்றால், அதைத் துண்டித்துத் திருத்தும் குறுகிய அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2025 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் கூறியது.

தீர்ப்பு என் பக்கம் வந்துவிட்டது. பணம் எப்படிக் கைக்கு வரும்?

ரத்து மனுவுக்கான காலம் முடிந்ததும் நடுவர் தீர்ப்பு நீதிமன்றத் தீர்ப்பாணைபோலவே நிறைவேற்றத்தக்கதாகிறது. நிறைவேற்று மனுப் போட்டு எதிர்த்தரப்பின் சொத்தை ஜப்தி செய்யலாம். எதிர்த்தரப்பு ரத்து மனுப் போட்டுவிட்டது என்பதால் மட்டும் தீர்ப்பு நின்றுவிடாது. 2015க்கு முன் அப்படித் தானாக நின்றது. இப்போது தனியாகத் தடை மனுச் செய்ய வேண்டும், பணம் தரும்படி வந்த தீர்ப்பு என்றால் பெரும்பாலும் நீதிமன்றம் பணத்தையோ பிணையத்தையோ கட்டச் சொல்லும். ஆனால் சொத்தே இல்லாதவரிடமிருந்து பணம் வசூலிப்பது நடுவர் முறையிலும் நீதிமன்றத்திலும் ஒரே கதைதான்.

இப்போது புதிதாகப் பத்திரம் எழுதுகிறோம். அந்தப் பிரிவை எப்படி எழுத வேண்டும்?

சுருக்கமாக எழுதினால் போதும்: “இந்தக் கூட்டு வணிகத்திலிருந்தோ அதன் கலைப்பு, கணக்குத் தீர்வு ஆகியவற்றிலிருந்தோ பங்குதாரர்களுக்கிடையிலும், அவர்களது வாரிசுகளுக்கிடையிலும் எழும் எல்லாத் தகராறுகளும் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே நடுவரின் தீர்ப்புக்கு விடப்பட வேண்டும். நடுவர் எல்லாத் தரப்பினரின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு நியமிக்கப்படுவார். நோட்டீஸ் கிடைத்து 30 நாளுக்குள் சம்மதம் எட்டப்படாவிட்டால் நீதிமன்றம் நியமிக்கும். நடுவர் விசாரணையின் சட்டப்பூர்வ அமர்விடம் திருநெல்வேலி. அவரது தீர்ப்பு இறுதியானது, எல்லோரையும் கட்டுப்படுத்தும்.”

ஊர்ப்பெயரை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது. அமர்விடம் எந்த ஊரோ, இடைக்கால உத்தரவு கேட்பதும் தீர்ப்பை எதிர்த்து மனுச் செய்வதும் அந்த ஊருக்கு அதிகாரமுள்ள நீதிமன்றத்தில்தான். ‘கலைப்பு’ என்ற சொல்லும் தேவை. நிறுவனத்தைக் கலைக்கும் கேள்வியையும் நடுவர் தீர்மானிக்கலாம் என்பதை 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றிருந்தாலும், அதை எழுதாத பத்திரங்களில் அதைப் பற்றியே முதல் மூன்று அமர்வுகள் கழிந்துவிடுகின்றன. ஒரு பங்குதாரர் விலகிப் புதியவர் சேரும்போது எழுதப்படும் மறுபத்திரத்தில் நடுவர் பிரிவு மறுபடியும் முழுமையாக இருக்கட்டும். “மற்ற நிபந்தனைகள் முன்பத்திரப்படி” என்ற பொது வரியை மட்டும் வைத்து நடுவர் பிரிவு புதியவரைக் கட்டுப்படுத்துமா என்பதே தனியொரு தகராறாகிவிடும்.